விளக்கு வைத்த பிறகு என்ன பாட்டு வைப்பது?

“எங்க ஊர் பாலக்கோடு பக்கம். அப்பாவும் அம்மாவும் ஓசூர்ல வேலைக்குப் போனதால என்னை வளர்த்தது ஆயாதான். போன மாசம் தவறிட்டாங்க. கருமாதி முடிஞ்சு பத்து நாள் ஆகுது. தாத்தாவுக்கு 82 வயசு. சாயங்காலம் ஆனா திண்ணையில ஒண்ணும் பேசாம உட்கார்ந்திருக்கார். சித்தப்பா, ‘நல்லா வாழ்ந்துட்டுப் போன கல்யாண சாவு, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க’ன்னு ஸ்பீக்கர்ல குத்துப் பாட்டு போடுறார். நான் யூடியூப்ல சோகப் பாட்டுன்னு தேடிப் போட்டா எனக்கு இன்னும் மோசமாகுது. அழ வைக்கவும் வேணாம், சிரிக்க வைக்கவும் வேணாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன பாட்டு வைக்கலாம்? ஆயா பாடின 40 செகண்ட் வாய்ஸ் நோட் ஒண்ணு என் போன்ல இருக்கு. அதைத் தொடவே பயமா இருக்கு.”
— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

ஒரு மணி நேரம் வேண்டாம் அம்மா. இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். அதற்கு நான்கு உருப்படிகள் இருந்தால் சரி. பாட்டு நின்ற பிறகு வரும் அமைதியும் அந்த வேளையில் ஒரு பங்குதான். அதை அடைத்துவிடக் கூடாது.

எந்தப் பாட்டு என்று சொல்வதற்கு முன், தேடிப் போட்டது ஏன் கைகொடுக்கவில்லை என்று பார்த்துவிடுவோம். சோகப் பாட்டு என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் காதல் தோல்விப் பாட்டுகள். அவற்றின் உள்ளே ஒரு குற்றச்சாட்டு இருக்கும்: ஏன் விட்டுப் போனாய், ஏன் ஏமாற்றினாய் என்று. உங்களுக்கு ஆயாமேல் அப்படி ஒரு வழக்கும் இல்லை. ஆனால் பாட்டு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தால், மனசு அதற்குப் பதில் தேடிக் கிளம்பிவிடும். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் முன்னாடியே கூட்டிப் போயிருக்கலாமோ, கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருக்கலாமோ என்று அது போய் நிற்கும் இடம் வேறு. நீங்கள் மோசமாகிறது என்று எழுதியிருப்பது அநேகமாக இதைத்தான்.

அடுத்து வருபவை தத்துவப் பாட்டுகள். ‘பாலும் பழமும்’ (1961) படத்தின் ‘போனால் போகட்டும் போடா’, ‘பாத காணிக்கை’ (1962) படத்தின் ‘வீடு வரை உறவு’, ‘சுமைதாங்கி’ (1962) படத்தின் ‘மயக்கமா கலக்கமா’. மூன்றும் கண்ணதாசன் எழுதியவை, மூன்றும் பெரிய பாட்டுகள், சந்தேகமில்லை. ஆனால் அவை யாரிடம் பேசுகின்றன என்று கவனியுங்கள். முதலாவது, போகட்டும் விடு என்கிறது. இரண்டாவது, உறவு எதுவரை வரும் என்று எல்லை போட்டுக் காட்டுகிறது. மூன்றாவது, உனக்கும் கீழே உள்ளவர்களைப் பார் என்கிறது. வேலை கிடைக்காமல் ஊர் திரும்ப இருந்த வாலியை அந்த மூன்றாவது பாட்டுதான் சென்னையிலேயே நிறுத்தியது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிழைப்பு தவிக்கும்போது அது வேலை செய்யும். இழவுக்கு அது பொருந்தாது. ஆயாவை இழந்தவளிடம் உன்னைவிட அதிகம் இழந்தவர்கள் கோடி என்றால், அழுகை அடங்காது, அழுததற்கு வெட்கம்தான் வரும். இந்தப் பாட்டுகள் துக்கம் விசாரிக்க வந்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏற்றவை. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அல்ல.

‘நாயகன்’ (1987) படத்தின் ‘தென்பாண்டிச் சீமையிலே’ கொஞ்சம் சிக்கலானது. மெட்டு மென்மையானது, குரலும் அப்படியே. கேட்டவுடன் இதுதான் என்று தோன்றும். ஆனால் அதன் முதல் கேள்வியே உன்னை யார் அடித்தார்கள் என்பதுதான். அழாதே, அழுதால் மனசு தாங்காது என்றும் அது சொல்லும். அன்பாகச் சொன்னாலும் கட்டளை கட்டளைதானே. இதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தானாக ஒரு நாள் காதில் விழட்டும்.

அப்படியானால் எந்த மாதிரிச் சொற்கள் வேண்டும்? அதற்கு முன்மாதிரி உங்கள் மண்ணிலேயே இருக்கிறது. தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆவது பாட்டு. அதில் அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, யாரையும் தேற்றவில்லை. சின்னச் சின்னதாக எண்ணுகிறார். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால், நாங்கள் பாட, மிச்சத்தைத் தான் மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமோ நிறையவோ, பல பேர் கலத்தோடுதான் உண்பான். பிறகு வருகிறது இந்த இடம்:

‘நரந்தம் நாறும் தன்கையால்
புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே’

வாசனை வீசும் தன் கையால், புலால் நாற்றம் வீசும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். ஒவ்வொரு நினைவின் முடிவிலும் வரும் ‘மன்’ என்ற சொல்லுக்குக் கழிவு என்று இலக்கணம் பொருள் சொல்கிறது. அதாவது அது முடிந்துபோனது, இனி இல்லை. பாட்டின் முன்பகுதியில் சோகம் முழுவதையும் அந்த ஓர் இடைச்சொல்லே சுமக்கிறது. மற்றதெல்லாம் கள், சோறு, கை, தலை. உங்கள் ஊரில் அத்தைமார் ஒப்பாரி வைக்கும்போது செய்வதும் இதையேதான். நீ வாங்கித் தந்த சேலை, நீ ஆக்கிப் போட்ட களி என்று எண்ணிக்கொண்டே போவார்கள்.

ஆகவே பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சொல்லைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இது எனக்குக் கட்டளை போடுகிறதா, அல்லது ஒன்றைச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துகொள்கிறதா? இரண்டாவது வகைதான் உங்கள் திண்ணைக்கு ஏற்றது.

சொல்லுக்கு அடுத்தது வேகம். பாட்டை ஓட விட்டு, பதினைந்து விநாடி மட்டும் தாளத்துக்கு விரலால் தொடையில் தட்டுங்கள். பதினைந்திலிருந்து இருபது தட்டுக்குள் வந்தால் நிமிடத்துக்கு 60 முதல் 80. சாவகாசமாக உட்கார்ந்திருப்பவரின் நாடித் துடிப்பும் ஏறக்குறைய அதுதான். இருபத்தைந்து தட்டைத் தாண்டினால் பாட்டு உங்களை எழுந்து நடக்கச் சொல்கிறது என்று அர்த்தம். சொல் எவ்வளவு சோகமாக இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பாட்டு எப்படி முடிகிறது என்பது. பலரும் தொடக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சேர்த்துவிடுவார்கள். பிற்காலத்துச் சோகப் பாட்டுகளில் தொடக்கம் ஒற்றைப் புல்லாங்குழலாக இருக்கும், கடைசிச் சரணத்தில் வயலின் கூட்டமே எழும், பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போய்க் கதறுவார், தோல் வாத்தியம் சேர்ந்துகொள்ளும். படத்தில் அந்த இடத்தில் கதாநாயகன் மழையில் மண்டியிட்டிருப்பான், அவனுக்கு அது தேவை. உங்கள் தாத்தாவுக்குத் தேவையில்லை. எனவே சேர்க்கும்முன் பாட்டின் கடைசி ஒரு நிமிடத்தைத் தனியாகக் கேளுங்கள். கை தானாக ஒலியைக் குறைக்கப் போனால் அந்தப் பாட்டு வேண்டாம்.

ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முகாரி வேண்டாம், வீட்டில் முகாரி ஒலிக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. சபரி பெற்ற பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் உருகிப் பாடியதும் முகாரியில்தான். ராகம் தனியாக யாரையும் அழ வைத்துவிடாது. சொல், குரல், வேகம் மூன்றும் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன.

இனி உங்கள் வீட்டுக்கான வரிசை. தாத்தாவுக்கு 82 வயது. மனிதருக்குப் பன்னிரண்டு வயது முதல் இருபத்தைந்து வரை கேட்ட பாட்டு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். அவருக்கு அது 1955இலிருந்து 1970க்குள் வந்த பாட்டுகள். உங்களுக்கு வேறு காலம். இருவருக்கும் நடுவில் ஆயா இருந்தார். அதை வைத்துத்தான் இதைப் போட்டிருக்கிறேன்.

முதலில் சொல் இல்லாத ஒன்று. வீணையிலோ புல்லாங்குழலிலோ சஹானா அல்லது நீலாம்பரி ராக ஆலாபனை, ஐந்து நிமிடம். ஆலாபனையில் தாளம் கிடையாது, மிருதங்கம் கிடையாது, மூச்சு போகிற போக்கில் போகும். யார் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அதற்கு இடம் விடும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கச்சேரிப் பதிவுகளில் ஆலாபனை முடிந்ததும் கிருதி தொடங்கும், சில சமயம் தனி ஆவர்த்தனமும் கைதட்டலும் வரும். ஆலாபனை முடியும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள், அல்லது அந்தத் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ‘பாசமலர்’ (1961) படத்தின் ‘மலர்ந்தும் மலராத’. இது தாலாட்டு. தொட்டில் ஆடும் வேகம்தான் இதன் வேகம். தாலாட்டு துக்கத்துக்கு ஏன் பொருந்துகிறது என்றால், அதில் கேட்பவர் குழந்தையாகிவிடுகிறார். ஆயா வளர்த்த பேத்திக்கு இது அந்த மடியின் ஞாபகம். அதோடு, இந்தப் பாட்டு சிறகுக்குள் மூடி மகளைப் போல வளர்த்த கதையையும், கனவிலும் நினையாத காலம் நடுவே வந்து பிரித்த கதையையும் சொல்லவா என்று கேட்கிறது. ஔவையார் செய்த அதே வேலை. தேற்றவில்லை, கதை சொல்கிறது. கண்ணில் நீர் வந்தால் இந்த இடத்தில்தான் வரும், வரட்டும். ஆனால் ஒலியாக மட்டும் வையுங்கள், காட்சியாக வேண்டாம். அந்தப் படத்தின் முடிவு என்னவென்று தாத்தாவுக்கு நன்றாகவே தெரியும். முகங்களைப் பார்த்தால் மனசு அங்கே தாவிவிடும்.

மூன்றாவது, ‘குறையொன்றுமில்லை’. எழுதியவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர். ராஜாஜி பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பதிவையே வையுங்கள். மெட்டுப் போட்டவர் கடையநல்லூர் வெங்கட்ராமன். சிவரஞ்சனியில் தொடங்கி, காபிக்கு வந்து, சிந்துபைரவியில் முடியும். அழுத்தமான ராகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கை தளர்த்திக்கொண்டு வருகிற அமைப்பு அது. கேட்பவரை யாரும் தள்ளாமலே அவர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வந்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறாய், அப்படி நின்றாலும் எனக்குக் குறையில்லை என்ற இடம் ஒருவரை இழந்த வீட்டில் வேறு மாதிரிக் கேட்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஆயாவின் கடைசி நாட்களைப் பற்றி, வைத்தியம் சரியில்லை, யாரோ கவனிக்கவில்லை என்ற மனக்குறை உங்களுக்கோ தாத்தாவுக்கோ இருந்தால், குறையில்லை குறையில்லை என்று திரும்பத் திரும்ப வருவது முள்ளாகக் குத்தும். முகம் இறுகினாலோ, வரி வரும்போது எழுந்து போனாலோ புரிந்துகொள்ளலாம். அப்போது இதற்குப் பதில் சிவபுராணத்தை நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். 95 அடிதான், நிதானமாகப் படித்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி என்று வரும் இடத்தில் தாத்தாவே சேர்ந்துகொண்டாலும் ஆச்சரியமில்லை. உங்கள் வீட்டு வழிபாடு வேறு என்றால் அதில் அவருக்கு மனப்பாடமாக உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ‘தாய் மூகாம்பிகை’ (1982) படத்தில் இளையராஜா பாடிய ‘ஜனனி ஜனனி’. கல்யாணி ராகம். இதில் சோகம் கிடையாது, உற்சாகமும் கிடையாது. விளக்கின் முன் நிற்பது போன்ற ஒரு நிலை மட்டும்தான். வரிசையை இதில் முடிப்பதற்குக் காரணம், முடிந்ததும் அடுப்படிக்குப் போகவோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டவோ எழ முடியும். குறையொன்றுமில்லையில் முடித்தால் எழுவது கஷ்டம்.

‘கர்ணன்’ (1964) படத்தின் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ ஏன் இல்லை என்று தாத்தா கேட்கக்கூடும். உங்கள் பக்கத்து வட மாவட்டங்களில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து வைப்பதுண்டு. விடிய விடிய ஊரே உட்கார்ந்து, கர்ணன் சாவதைப் பார்த்துச் சேர்ந்து அழுதுவிட்டு எழுந்து போகும். சாகிறவனின் பாட்டுக்கு அந்தக் கூட்டம் வேண்டும், அந்த விடியல் வேண்டும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் திண்ணையில் அதை வைத்தால் அழுகை வரும், ஆனால் அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. ஒப்பாரியும் அப்படித்தான். ஒருத்தி எடுக்க இன்னொருத்தி தோளைப் பிடித்துத் தொடர்ந்தால்தான் அது ஒப்பாரி. இணையத்தில் கிடைக்கும் ஒப்பாரிப் பதிவுகளில் எடுப்பது மட்டும் இருக்கும், தோள் இருக்காது. அதைத் தனியாகக் கேட்க வேண்டாம்.

இனி வைக்கும் முறை. நான்கையும் முன்கூட்டியே போனில் இறக்கிக்கொண்டு, விமான முறையில் போட்டுவிட்டு வையுங்கள். நேரடியாக யூடியூப்பில் ஓட விட்டால் எம்.எஸ். குரல் அடங்கும் இடத்தில் நகைக்கடன் விளம்பரம் கத்தும். அதைவிடக் கெடுதல் ஆட்டோபிளே. நான்காவது பாட்டு முடிந்ததும் அதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், அது எதுவாகவும் இருக்கலாம். மெதுவாக்கி எதிரொலி சேர்த்தவை, லோஃபை என்று மாற்றியவை வேண்டாம். வயதானவர்களின் காதுக்கு முதலில் எட்டாமல் போவது கீச்சுப் பக்கத்து ஒலிகள், அதனால் மெய்யெழுத்துகள் தெளியாது. எதிரொலி சேர்ந்தால் வார்த்தையே குழைந்துவிடும். பழைய ஒற்றை ஒலிப்பதிவில் குரல் முன்னால் நிற்கும், அதுவே தாத்தாவுக்கு நல்லது.

கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டாதீர்கள். ஸ்பீக்கரை அவர் பக்கத்தில் கொண்டு போங்கள். திண்ணையில் அவர் காது உயரத்துக்கு, கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பேஸ் அதிகமாக இருந்தால் குறையுங்கள். பாட்டு ஓடும்போது நீங்கள் சாதாரணக் குரலில் “தாத்தா, காபி வேணுமா?” என்றால் அவருக்குக் கேட்க வேண்டும். அதுதான் அளவு. எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். அவரைக்காய் உரிக்கலாம், புளியில் கொட்டை எடுக்கலாம். அவருக்கும் ஒரு முறத்தைத் தள்ளிவிடுங்கள். “பிடிச்சிருக்கா” என்று கேட்டால் “ம்” என்பதோடு முடிந்துவிடும். “இதை எந்தக் கொட்டாயில பார்த்தீங்க, ஆயாவும் வந்தாங்களா” என்று கேளுங்கள். பதில் வந்தால் பாட்டை நிறுத்திவிட்டுப் பேச்சைக் கேளுங்கள். பாட்டு நாளைக்கும் இருக்கும்.

இந்த வரிசையை எல்லா நாளும் வைக்காதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒரே பாட்டைத் தினமும் துக்கத்தோடு சேர்த்துக் கேட்டால் அது துக்கத்தோடேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு கல்யாண வீட்டில் அது ஒலித்தாலும் ஆயா செத்த திண்ணைதான் ஞாபகம் வரும். குறிப்பாக ஆயாவுக்கே ரொம்பப் பிடித்த பாட்டு என்று ஒன்று இருந்தால் அதை இந்த வரிசையில் சேர்க்கவே வேண்டாம். அது அவர் உயிரோடு இருந்த நாட்களின் பாட்டாகவே இருக்கட்டும்.

அழுகை வருவது கோளாறு இல்லை. வந்து, சில நிமிடத்தில் தணிந்து, மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த வேலைக்குப் போக முடிந்தால் பாட்டு அதன் வேலையைச் செய்திருக்கிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கத் தோன்றினால், பாட்டு நின்ற பிறகு நெஞ்சு இன்னும் கனத்தால், அன்று ராத்திரி தூக்கம் வராவிட்டால், அந்தப் பாட்டை எடுத்துவிட்டு ஆலாபனையை மட்டும் வையுங்கள். தாத்தா சாப்பாட்டை ஒதுக்குவது நாள் கணக்கில் நீண்டாலோ, நானும் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற பேச்சை அடிக்கடி எடுத்தாலோ, அது பாட்டால் பார்க்கிற விஷயம் இல்லை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

சித்தப்பாவைப் பற்றி. அவரும் தாயை இழந்தவர்தான். கல்யாண சாவுக்குப் பறையும் ஆட்டமும் வைப்பது உங்கள் ஊர் மரபு, அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சத்தம் தெருவுக்கானது. வாழ்ந்து முடித்தவரை ஊரறிய வழியனுப்புவதற்கானது. பிணம் தெருவைத் தாண்டியதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. அவர் அதையே இன்னும் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறார், அநேகமாக அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான். அவரோடு சண்டை வேண்டாம். “சித்தப்பா, ஆறரையிலேர்ந்து ஏழு வரைக்கும் ஸ்பீக்கர் எனக்கு வேணும்” என்று நேரம் பேசிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த அரை மணிக்கு அவரையும் உட்காரச் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த 40 விநாடி. கேட்பது பிறகு இருக்கட்டும், முதலில் அதைப் பிரதி எடுங்கள். போன் தொலைந்தாலோ மாற்றினாலோ வாட்ஸ்அப் குரல் பதிவுகள் போய்விடுவது சகஜம். ஆண்ட்ராய்டு போனில் அது இருக்கும் இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Voice Notes
```

உள்ளே வாரவாரியாகப் பிரித்த கோப்புறைகளில் .opus என்று முடியும் கோப்பாக இருக்கும். ஆயா பாடிய தேதியைக் கோப்பின் பெயராக வைத்து, ஒன்றை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள், இன்னொன்றைப் பென்டிரைவில் போட்டு அம்மாவிடம் கொடுங்கள். சில பிளேயர்களில் ஓடாது, VLCயில் ஓடும். இரைச்சலை நீக்குகிறேன் என்று எந்தச் செயலியிலும் போடாதீர்கள். பின்னால் கேட்கும் கோழிச் சத்தமும் டம்ளர் வைக்கும் சத்தமும் இருமலும்தான் அந்த வீடு. அதை நீக்கிவிட்டால் குரல் அந்தரத்தில் தொங்கும்.

முதல் தடவை கேட்பதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். அத்தையோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு தடவைதான் என்று முன்பே பேசிக்கொண்டு, இரண்டோடு போனைக் கவிழ்த்து வையுங்கள். ராத்திரி படுக்கையில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பது மட்டும் வேண்டாம். குரல் தலைக்குள்ளேயே ஒலிப்பது போல இருக்கும், கண்ணைத் திறந்தால் இருட்டு. தாத்தாவுக்குச் சொல்லாமல் திடீரென்று போட்டுக் காட்டாதீர்கள். “ஆயா பாடினது ஒண்ணு இருக்கு தாத்தா, கேக்கறீங்களா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவராகக் கேட்கும் நாள் வரும்.

இடையில் நீங்கள் அந்த வரிகளைக் காகிதத்தில் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். ஆயாவின் சுருதியில் பாட முயல வேண்டாம், உங்கள் தொண்டைக்கு எது சுகமோ அதில் பாடுங்கள். தாலாட்டோ நடவுப் பாட்டோ, 40 விநாடியில் அது முழுதாக இருக்க வாய்ப்பில்லை. ஒரு சாயங்காலம், ஸ்பீக்கர் வைக்காத நாளில், புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே தெரிந்தவரை பாடுங்கள். தெரியாத வரி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, “அடுத்தது என்ன தாத்தா?” என்று கேளுங்கள்.